கூட்டல் சரி, கட்டடம் சரியா?

மாடி வீடு கட்டப் போகிறவர் ஸ்ட்ரக்சுரல் பொறியாளரிடம் பிளானைக் கொடுத்தால், அவர் தூண்களையும் பீம்களையும் கம்ப்யூட்டரில் கோடுகளாக வரைந்து, சுவர், தளம், மனிதர்கள், சாமான்கள் என எல்லா எடையையும் அவற்றின் மேல் ஏற்றுவார். சில நொடிகளில் ஒவ்வொரு தூணின் அடியிலும் எத்தனை டன் பாரம் இறங்குகிறது என்ற விவரம் வந்துவிடும். இந்த வேலைக்கு நம்மூர் டிசைன் அலுவலகங்களில் பரவலாகப் புழங்குபவை ஸ்டாட் ப்ரோ, ஈடாப்ஸ் போன்ற மென்பொருள்கள். இவை கூட்டல் கழித்தலில் சறுக்குவது அபூர்வம். சறுக்கல் அதற்கு முன்பே, விவரங்களை உள்ளே கொடுக்கும்போதே நடந்துவிடுகிறது. ஒரு பீமின் மேல் சுவர் ஏற்ற மறந்திருப்பார்கள். மேலே போட வேண்டிய கழித்தல் குறியை விட்டிருப்பார்கள். ஒரு தளத்தின் எடையை இரண்டு முறை கொடுத்திருப்பார்கள். மென்பொருள் எதையும் ஆட்சேபிக்காது. கொடுத்ததற்கு விடை தரும்.

இந்தத் தவறுகளில் பெரும் பகுதியைப் பிடிக்க ஒரு பேப்பரும் கால்குலேட்டரும் போதும். கட்டடம் நகராமல் நிற்கிறது என்றால், கீழ்நோக்கி அழுத்தும் மொத்த எடையும், அஸ்திவாரம் மேல்நோக்கித் தாங்கிக்கொடுக்கும் மொத்த எதிர்விசையும் சமமாக இருந்தாக வேண்டும். எடை எந்தெந்த பீம் வழியாக எந்தத் தூணுக்குப் போகிறது என்பது சிக்கலான கணக்கு; அதற்குத்தான் மென்பொருள். ஆனால் மொத்தம் எவ்வளவு என்பது நீளம், அகலம், உயரம் தெரிந்த யாரும் போடக்கூடிய பெருக்கல். அந்த மொத்தத்தைக் கையால் போட்டு, மென்பொருள் சொல்லும் மொத்த எதிர்விசையோடு ஒப்பிடுவதுதான் சரிபார்ப்பு.

இரண்டு எண்கள் ஒத்துப்போவது எதைக் காட்டுகிறது?

இங்கே பலர் ஒரு இடத்தில் ஏமாறுகிறார்கள். ஸ்டாட் ப்ரோவில் கீழ்க்கண்ட கட்டளையைக் கொடுத்தால், மென்பொருளே ஒரு சமநிலைச் சுருக்கத்தை அச்சிடும்.

```
PERFORM ANALYSIS PRINT STATICS CHECK
```

அதில் TOTAL APPLIED LOAD என்று ஒரு தொகையும், TOTAL REACTION LOAD என்று ஒரு தொகையும் இருக்கும். இரண்டும் தசமப் புள்ளி வரை ஒத்துப்போகும். ‘சரிபார்த்தாகிவிட்டது’ என்று டிக் அடித்து அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் இந்த இரண்டு எண்ணும் மென்பொருளிடமிருந்தே வருபவை. ‘நீ ஏற்றிய எடையை நான் முழுவதும் தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன்’ என்பதற்கு மேல் அவை எதையும் சொல்லவில்லை. மளிகைக் கடை பில்லில் கூட்டல் சரியாக இருப்பதால், வாங்கிய எல்லாப் பொருளும் பில்லில் ஏறிவிட்டது என்று ஆகிவிடாது அல்லவா, அதைப் போலத்தான். அந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் மாடலில் ஏதோ ஒரு பாகம் பிடிப்பில்லாமல் ஆடுகிறது என்று அர்த்தம். அது வேறு வகைக் கோளாறு. ஒத்துப்போனால் பாதிச் சோதனைதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதிக்கு, மென்பொருளைப் பார்க்காமல் நாம் தனியாகப் போட்ட மூன்றாவது எண் ஒன்று வேண்டும்.

பேப்பரில் ஒரு வீடு

கீழே கார் நிறுத்துமிடம், மேலே ஒரு குடியிருப்பு, அதற்கு மேல் மொட்டைமாடி என்று ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். அகலம் 8 மீட்டர், நீளம் 12 மீட்டர். ஒரு தளம் 96 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,030 சதுர அடி. 4 மீட்டருக்கு ஒரு தூண் வைத்தால் அகலத்தில் 3, நீளத்தில் 4, ஆக மொத்தம் 12 தூண்கள். தூண் 300க்கு 300 மில்லிமீட்டர். ஃபுட்டிங் மேலிருந்து மொட்டைமாடி வரை 7.5 மீட்டர் உயரம். பீம்கள் 230க்கு 400 மில்லிமீட்டர். கணக்கு நீளாமல் இருக்க பிளிந்த் பீமையும் படிக்கட்டையும் விட்டுவிடுவோம். எடைக்குக் கிலோ நியூட்டன் என்ற அலகைப் பயன்படுத்துகிறோம். ஏறத்தாழ 10 கிலோ நியூட்டன் ஒரு டன்.

முதலில் தூண், பீம்களின் சொந்த எடை. கம்பி கட்டிய கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு 25 கிலோ நியூட்டன். 12 தூண்களுக்கு 202.5 வருகிறது. பீம் ஒரு மீட்டருக்கு 2.3, ஒரு தளத்தில் எல்லா பீம்களும் சேர்ந்து 68 மீட்டர், இரண்டு தளத்துக்கு 312.8. ஆக சொந்த எடை 515.

அடுத்து தளம். 125 மில்லிமீட்டர் ஸ்லாப் சதுர மீட்டருக்கு 3.125 கிலோ நியூட்டன். முதல் மாடியில் டைல்ஸுக்கும் கலவைக்கும் 1 சேர்த்தால் 4.125, 96 சதுர மீட்டருக்கு 396. மொட்டைமாடியில் சுருக்கி போட்டுத் தட்டோடு பதிக்க 2 சேர்த்தால் 5.125, அதற்கு 492. இரண்டும் சேர்ந்து 888.

சுவர்களில், வெளிப்புற ஒன்பது இஞ்ச் சுவர் 2.6 மீட்டர் உயரத்துக்கு, மீட்டருக்கு 12 கிலோ நியூட்டன். சுற்றளவு 40 மீட்டருக்கு 480. உள்ளே எல்லா பீம்கள் மேலும் நாலரை இஞ்ச் சுவர் என்று வைத்தால், மீட்டருக்கு 6 வீதம் 28 மீட்டருக்கு 168. மொட்டைமாடியில் ஒரு மீட்டர் உயரக் கைப்பிடிச் சுவருக்கு 92. மொத்தம் 740.

கடைசியாக மனிதர்கள், சாமான்கள். பொறியாளர்கள் லைவ் லோடு என்பார்கள். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 வீட்டுக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டனும், ஆள் ஏறக்கூடிய மொட்டைமாடிக்கு 1.5ம் எடுக்கச் சொல்கிறது. 192ம் 144ம் சேர்ந்து 336.

இவ்வளவுதான் கைக்கணக்கு. அரைப் பக்கம்கூட வராது. ஆனால் இதைப் போடும்போது இரண்டு ஒழுங்குகள் வேண்டும். ஒன்று, மென்பொருள் விடையைப் பார்ப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். பார்த்த பிறகு போட்டால், விடையை நோக்கிக் கை தானாகச் சாயும். இன்னொன்று, அளவுகளைக் கட்டட வரைபடத்திலிருந்து எடுக்க வேண்டும், மென்பொருள் மாடலிலிருந்து எடுக்கக் கூடாது. மாடலில் இருக்கும் தப்பான அளவையே எடுத்துப் பெருக்கினால், தப்பும் தப்பும் அழகாக ஒத்துப்போகும்.

‘5 சதவீதம்தானே!’

இப்போது மென்பொருள் ஓடி முடிந்துவிட்டது. லைவ் லோடு நீங்கலாக நிரந்தர எடை மட்டும் பார்த்தால், கைக்கணக்கில் 2,143. மென்பொருளின் மொத்த எதிர்விசை 2,029. வித்தியாசம் 114 கிலோ நியூட்டன், 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ‘கைக்கணக்கு என்றால் கொஞ்சம் முன்பின் இருக்கத்தான் செய்யும்’ என்று கடந்துபோகத் தோன்றும் அளவு இது. அப்படிக் கடந்துபோகக் கூடாது. பீம் நீளத்தைத் தூண் மையத்திலிருந்து தூண் மையம் வரை எடுப்பதா, தூண் முகத்திலிருந்து எடுப்பதா என்பதில் உண்மையிலேயே சிறு வித்தியாசம் வரும். ஆனால் மென்பொருள் எடுக்கும் முறையிலேயே நாமும் எடுத்திருந்தால் வித்தியாசம் ஏறத்தாழ பூஜ்யமாக இருக்க வேண்டும். காரணம் தெரிந்த 2 சதவீதத்தை ஏற்கலாம். காரணம் தெரியாத 2 சதவீதத்தை ஏற்க முடியாது.

மொத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தவறு எங்கே என்று தெரியாது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் எடைகளை ஒரே மூட்டையாகக் கட்டாமல், சொந்த எடை, தளம், சுவர், லைவ் லோடு எனத் தனித்தனி லோடு கேஸாக மாடலில் கொடுக்கிறார்கள். அப்படிப் பிரித்துப் பார்த்தால் படம் மாறுகிறது.

சொந்த எடை: கையால் 515, மென்பொருளில் 515
தளம்: கையால் 888, மென்பொருளில் 822
சுவர்: கையால் 740, மென்பொருளில் 692
லைவ் லோடு: கையால் 336, மென்பொருளில் 304

சொந்த எடை ஒத்துப்போகிறது; தூண், பீம் எதுவும் விட்டுப்போகவில்லை. மற்ற மூன்றிலும் 66, 48, 32 எனக் குறைகிறது. இனி இந்த மூன்று எண்களைத்தான் விசாரிக்க வேண்டும். விசாரிக்கும் முறை எளிது: குறைகிற எடையை அதன் ‘விலை’யால் வகுத்துப் பார்ப்பது.

தளத்தில் குறைவது 66. முதல் மாடித் தளத்தின் எடை சதுர மீட்டருக்கு 4.125, வகுத்தால் சரியாக 16 சதுர மீட்டர். லைவ் லோடில் குறைவது 32. சதுர மீட்டருக்கு 2 என்று வகுத்தால் அதுவும் 16. நான்கு தூண்களுக்கு நடுவே உள்ள ஒரு கட்டத்தின் பரப்பும் 4 பெருக்கல் 4, அதாவது 16. மொட்டைமாடியின் எடைகளான 5.125ஆலும் 1.5ஆலும் வகுத்தால் இப்படி முழு எண் கிடைப்பதில்லை. ஆகவே முதல் மாடியில் ஒரு கட்டத்தின் மேல் எந்த எடையும் ஏறவில்லை. இரண்டு குறைகளுக்கும் ஒரே காரணம்.

ஏன் ஏறவில்லை? ஸ்டாட் ப்ரோவில் FLOOR LOAD என்று தள எடையைக் கொடுத்தால், நான்கு பக்கமும் பீம்களால் மூடப்பட்ட கட்டங்களை மென்பொருளே தேடிக் கண்டுபிடித்து எடையைப் பகிர்ந்துவிடும். கேட் வரைபடத்திலிருந்து கோடுகளை அப்படியே இறக்கும்போது, ஒரு ஓர பீமின் முனை தூணைத் தொடாமல் சில மில்லிமீட்டர் தள்ளி நின்றுவிடுவது உண்டு. திரையில் பார்த்தால் தொட்டதுபோலவே இருக்கும். மென்பொருளுக்கு அவை இரண்டு வேறு புள்ளிகள், கட்டம் மூடவில்லை, எடை ஏறவில்லை. இந்த மாடலில் ஒரு மூலைக் கட்டத்தில் நடந்தது அதுதான். பீம் இருக்கிறது என்பதால் சொந்த எடையில் இது தெரியவே தெரியாது.

காணாமல்போன சுவரின் முகவரி

சுவரில் குறைவது 48. வெளிச் சுவர் மீட்டருக்கு 12 என்பதால் 4 மீட்டர் விட்டுப்போயிருக்கலாம். ஒரு பீம் நீளம். ஆனால் உள் சுவர் மீட்டருக்கு 6. அப்படியானால் இரண்டு உள் பீம்களாகவும் இருக்கலாம். எடையை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. எங்கே குறைகிறது என்று தெரிய வேண்டும்.

அதற்கும் அதே அச்சுத் தாளில் ஒரு வரி இருக்கிறது. CENTER OF FORCE என்ற தலைப்பில், ஏற்றிய எடை முழுவதும் எந்தப் புள்ளியில் குவிகிறது என்று மென்பொருள் சொல்லும். நம் கட்டடம் இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால், சுவர் எடையின் மையம் கட்டடத்தின் நட்டநடுவில் இருக்க வேண்டும்: அகலவாக்கில் 4 மீட்டர், நீளவாக்கில் 6 மீட்டர். மென்பொருள் சொல்வதோ `X = 3.72`, `Z = 6.00`. நீளவாக்கில் மையம் நகரவில்லை. அகலவாக்கில் இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது. அப்படியானால் வலப்பக்கம் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

எவ்வளவு வலப்பக்கம் என்பதையும் கண்டுபிடிக்கலாம். எடையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது, பள்ளிக்கூடத்தில் படித்த திருப்புத்திறன். இருக்க வேண்டியது 740 பெருக்கல் 4, அதாவது 2,960. இருப்பது 692 பெருக்கல் 3.72, சுமார் 2,574. வித்தியாசம் 386. இதைக் காணாமல்போன 48ஆல் வகுத்தால் 8 மீட்டர். கட்டடத்தின் வலது விளிம்பே 8 மீட்டர்தான். உள் சுவர் எதுவும் அந்த விளிம்பில் இல்லை. ஆகவே காணாமல்போனது வெளிச் சுவர். நீளவாக்கில் மையம் 6 மீட்டரிலேயே நிற்பதால், அது வலது விளிம்பின் மூன்று பீம்களில் நடு பீம். மாடலைத் திறந்து அந்த ஒரு பீமைச் சொடுக்கினால் போதும். சுவர் எடை இல்லாமல் வெறுமையாக இருக்கும். பீம் எண்களை வரிசையாகத் தட்டச்சு செய்யும்போது ஒரு எண் விடுபட்டிருக்கும்.

ஒரு லோடு கேஸில் ஒரு தவறுதான் இருக்கிறது என்றால் இந்த முறை முகவரியை நேராகக் காட்டும். இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு புள்ளியைக் காட்டும். அங்கே போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அப்போது ஒவ்வொரு தளத்தையும் தனி லோடு கேஸாகப் பிரித்து மறுபடி பார்க்க வேண்டியதுதான்.

மொத்தத்தில் 5 சதவீதமாகத் தெரிந்த குறை, தனித் தூணில் அப்படி நிற்பதில்லை. அந்த நடு பீமைத் தாங்கும் இரண்டு தூண்களுக்கும் தலா சுமார் 24 கிலோ நியூட்டன் குறைகிறது. அவற்றில் ஒன்றுக்கு வர வேண்டிய நிரந்தர எடையே ஏறத்தாழ 188தான். அந்தத் தூணுக்கும் அதன் ஃபுட்டிங்குக்கும் இது 13 சதவீதக் குறை.

வித்தியாசம் சொல்லும் கதைகள்

குறையோ கூடுதலோ, அது எப்படிப்பட்ட எண் என்பதே பல நேரம் காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். கைக்கணக்கைவிட மென்பொருளில் ஒன்றரை மடங்கு வந்தால், பாதுகாப்புக்காக 1.5ஆல் பெருக்கிய லோடு காம்பினேஷனை, பெருக்காத எடையோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய 9.81 மடங்கு மாறினால் கிலோவுக்கும் நியூட்டனுக்கும் குழப்பம். ஆயிரம் மடங்கு என்றால் மில்லிமீட்டரும் மீட்டரும் கலந்துவிட்டன.

கழித்தல் குறி விட்டுப்போனால் வேறொரு அடையாளம் உண்டு. ஒன்பது இஞ்ச் சுவரை பீம் மேல் ஏற்றும் வரி இப்படி இருக்கும்:

```
MEMBER LOAD
1 TO 10 UNI GY -12
```

இந்த -12 என்பது 12 ஆகிவிட்டால், சுவர் பீமைக் கீழே அழுத்துவதற்குப் பதில் மேலே தூக்கும். அப்போது குறைவது சுவர் எடையைப் போல இரண்டு மடங்கு. வர வேண்டியது வராததற்கு ஒரு மடங்கு, எதிர்ப்பக்கம் இழுப்பதற்கு ஒரு மடங்கு. கைப்பிடிச் சுவரின் 92 கிலோ நியூட்டனுக்கு இப்படி நடந்தால் வித்தியாசம் 184ஆக வரும்.

கூடுதலாக வரும் வித்தியாசங்களில் அடிக்கடி பார்ப்பது ஸ்லாப் எடை. ஸ்லாபையும் மாடலில் ஒரு பாகமாகவே வரைந்தால், அதன் சொந்த எடையை மென்பொருளே சேர்த்துக்கொள்ளும். அது தெரியாமல் சதுர மீட்டருக்கு 3.125 என்று கையால் மறுபடி ஏற்றினால், நம் கட்டடத்தில் இரண்டு தளத்துக்கும் சேர்த்து சரியாக 600 கிலோ நியூட்டன் கூடும். கட்டடம் விழுந்துவிடாது, ஆனால் கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் வீட்டுக்காரர் வீணாகக் காசு கொடுப்பார்.

இந்தச் சோதனை பார்க்காத இடங்கள்

மொத்தம் ஒத்துப்போன பிறகும் தவறுகள் ஒளிந்திருக்க இடம் உண்டு. 230 அகலம், 400 ஆழம் உள்ள பீமை, தவறுதலாக 400 அகலம், 230 ஆழம் என்று படுக்கவைத்துக் கொடுத்தால், குறுக்குப் பரப்பு அதே, எடையும் அதே. மொத்த எதிர்விசை மாறவே மாறாது. ஆனால் வளைவை எதிர்க்கும் விறைப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். முன்பு பார்த்த, தூணைத் தொடாத பீமும் அப்படித்தான். தள எடையைச் சரிசெய்ய அந்தக் கட்டத்துக்கு மட்டும் கையால் எடையை ஏற்றிவிட்டால் மொத்தம் ஒத்துப்போகும். பீமோ ஒரு முனையில் தொங்கிக்கொண்டே இருக்கும். இவற்றைப் பிடிக்க, கட்டடம் வளையும் வடிவத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். சமச்சீரான கட்டடத்தில் எதிரெதிர்த் தூண்களின் எதிர்விசை ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்த எல்லையை உலகுக்குக் காட்டிய நிகழ்வு 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில் நடந்தது. ஸ்டாவங்கர் நகரருகே, ஸ்லைப்னர் ஏ என்ற கடல் எரிவாயு மேடையின் கான்கிரீட் அடித்தளத்தைக் கடலுக்குள் மெல்ல அமிழ்த்திச் சோதித்துக்கொண்டிருந்தபோது, ஒரு அறையின் சுவர் வெடித்துத் தண்ணீர் புகுந்து, மொத்த அடித்தளமும் மூழ்கியது. சுவர்கள் கூடும் இடத்தை மென்பொருளில் மிகப் பெரிய துண்டுகளாகப் பிரித்திருந்ததால், அங்கே வரும் வெட்டு விசையை அது 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தது. ஏற்றப்பட்ட நீரழுத்தத்தின் கூட்டுத்தொகையில் கோளாறு இல்லை. அந்த விசை சுவருக்குள் எப்படிப் பாய்கிறது என்பதில்தான் கோளாறு. எதிர்விசைகளைக் கூட்டிப் பார்ப்பது இதைக் காட்டியிருக்காது. பிறகு அந்தச் சுவரை மட்டும் நுணுக்கமாகக் கணக்கிட்டபோது 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. நிஜத்தில் உடைந்தது சுமார் 65 மீட்டரில்.

ஆகவே கட்டடம் பாதுகாப்பானது என்ற சான்றிதழாக இந்தச் சோதனையைக் கொள்ளக் கூடாது. ஏற்ற நினைத்த எடை முழுவதும் ஏறியிருக்கிறது, அதற்குமேல் ஏறவில்லை என்பதை மட்டும் அது உறுதிசெய்கிறது. அது உறுதியாகாமல் பீமுக்குக் கம்பி எத்தனை என்று பார்ப்பதில் பயன் இல்லை.

வீடு கட்டுகிறவரும் பொறியாளரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: ‘மொத்த எடை எவ்வளவு வந்தது, கையால் போட்டது எவ்வளவு?’ நம் உதாரண வீட்டில் லைவ் லோடும் சேர்த்து 2,479 கிலோ நியூட்டன். அதை இரண்டு தளத்தின் 192 சதுர மீட்டரால் வகுத்தால், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 13. செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும் உள்ள இதைப் போன்ற வீட்டுக்கு மென்பொருள் 6 என்றோ 25 என்றோ காட்டினால், டிசைனைத் தொடர்வதற்கு முன் லோடு கேஸ்களைப் பிரித்துப் பார்க்கச் சொல்லலாம். இரண்டு எண்களும் ஒரு தாளில் அருகருகே எழுதப்பட்டு, வித்தியாசத்துக்குக் காரணமும் பக்கத்தில் குறிக்கப்பட்டிருந்தால், அந்தத் தாளை டிசைன் வரைபடங்களோடு சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் இன்னொரு மாடி கட்ட நினைத்தால், அடுத்த பொறியாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.